வாய்ச்சொல்லுக்குக் கோப்பு எண் கிடையாது

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிமென்ட் கடை என்று வைத்துக்கொள்வோம். நண்பகல் வேளையில் ஜிஎஸ்டி அதிகாரிகள் இருவர் வருகிறார்கள். மூட்டைகளை எண்ணுகிறார்கள், பில் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள், கம்ப்யூட்டரில் இருப்புக் கணக்கைப் பார்க்கிறார்கள். கிளம்பும்போது ஒருவர் சொல்கிறார்: "அண்ணாச்சி, நூறு மூட்டை குறையுது. அதுக்கு வரியைக் கட்டிடுங்க, இதோட முடிஞ்சிடும். போன வருஷ பர்ச்சேஸ் ஃபைலை நான் எடுத்துட்டுப் போறேன், நாளைக்குத் தந்துடறேன். ஆறு மாச ஸ்டாக் ரிஜிஸ்டரை நாளைக்கு ஆபீஸ்ல கொண்டுவந்து குடுத்துடுங்க."

கடைக்காரர் மூன்றுக்கும் "சரிங்க சார்" என்கிறார். அன்றைக்குப் பிரச்சினை தீர்ந்த மாதிரிதான் தெரியும். ஆறு மாதம் கழித்து அந்த அதிகாரி வேறு ஊருக்கு மாறுதலாகியிருப்பார். புதிதாக வந்தவர் கோப்பைத் திறப்பார். "பதிவேடு கேட்டோம், வணிகர் தரவில்லை" என்று அதில் ஒரு குறிப்பு இருக்கலாம். வணிகர் கொடுத்திருப்பார். ஆனால் கொடுத்ததற்குத் தாள் இருக்காது. ஃபைல் போனதற்கும் தாள் இருக்காது. பணம் கட்டியதற்கு மட்டும் தாள் இருக்கும். அதுவோ அவரே தவறை ஒப்புக்கொண்டு கட்டியதாகச் சொல்லும்.

அதிகாரி வாயால் கேட்டதை எழுத்தாக்குவதும், நாம் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குவதும் எதிர்ப்புக் காட்டுவது ஆகாது. ஜிஎஸ்டி சட்டமே பெரும்பாலான நடவடிக்கைகளுக்குத் தனித்தனிப் படிவம் வைத்திருக்கிறது. சட்டம் வைத்திருக்கும் இடத்தில் அந்தப் படிவத்தைக் கேட்க வேண்டும். வைக்காத இடத்தில் நாமே ஒரு கடிதம் எழுதிக்கொள்ள வேண்டும்.

வந்தது எந்தப் பிரிவின் கீழ்?

கடைக்கு அதிகாரி வருவதில் பல வகை உண்டு. பதிவு செய்த முகவரியில் கடை உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க வரலாம். தணிக்கைக்காகவோ கணக்குச் சரிபார்ப்புக்காகவோ 71-ஆவது பிரிவின் கீழ் வரலாம். வரி ஏய்ப்பு நடந்திருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் 67-ஆவது பிரிவின் கீழ் வரலாம். இந்தக் கடைசி வகைதான் கனமானது. அதிலும் இரண்டு படி இருக்கிறது. முதலாவது, வந்து பார்வையிடும் ஆய்வு. இரண்டாவது, தேடிப் பார்த்துப் பொருளையோ ஆவணத்தையோ கைப்பற்றும் சோதனை. ஆய்வுக்கு மட்டும் அனுமதி பெற்று வந்தவர் சோதனை போடவோ ஃபைலைக் கைப்பற்றவோ முடியாது.

67-ஆவது பிரிவில் வருபவர் கையில் இணை ஆணையர் பதவிக்குக் குறையாத ஒருவர் கொடுத்த எழுத்து மூலமான அனுமதி இருக்க வேண்டும். ஐஎன்எஸ்-01 என்பது அந்தப் படிவத்தின் பெயர். ஆய்வா சோதனையா, எந்த இடத்தில், யாருக்கு அதிகாரம் என்பதெல்லாம் அதில் இருக்கும். 71-ஆவது பிரிவில் வருபவருக்கும் இணை ஆணையர் நிலை அதிகாரியின் அங்கீகாரம் வேண்டும்.

ஆகவே அடையாள அட்டையைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "சார், எந்த செக்‌ஷன்ல வந்திருக்கீங்க? ஆதரைசேஷனைப் பார்க்கலாமா?" இதை மரியாதையாகக் கேட்டால் எந்த அதிகாரியும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். காட்டிய அனுமதியைப் படித்துவிட்டு, அதன் மேலேயே "பார்த்தேன்" என்று எழுதித் தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட வேண்டும். சோதனைகளுக்கு மத்திய வரி வாரியம் தன் அதிகாரிகளுக்குக் கொடுத்துள்ள அறிவுரையும் இதையே சொல்கிறது.

மத்திய ஜிஎஸ்டி அதிகாரிகள் தரும் கடிதம், சம்மன், சோதனை அனுமதி ஆகியவற்றில் ஆவண அடையாள எண் ஒன்று இருக்க வேண்டும் என்பது 2019 நவம்பர் முதல் நடைமுறை. அந்த எண்ணை வாரியத்தின் இணையதளத்தில் போட்டால் அந்தத் தாள் உண்மையானதா என்று தெரிந்துவிடும். போலி அதிகாரிகளை வடிகட்ட இதைவிட எளிய வழி இல்லை. ஜிஎஸ்டி இணையதளம் வழியாக வரும் அறிவிப்புகளுக்குத் தனிக் குறிப்பெண் இருப்பதால் அவற்றுக்கு இந்த எண் தேவையில்லை என்று 2025 ஜூனில் தெளிவுபடுத்திவிட்டார்கள். மாநில வணிகவரித் துறையிலிருந்து வரும் நோட்டீஸை இணையதளத்தில் நம் கணக்குக்குள் நுழைந்து "View Additional Notices/Orders" பக்கத்தில் தேடிப் பார்க்கலாம்.

"ஃபைலை எடுத்துட்டுப் போறேன்"

மூன்று வாய்ச்சொற்களில் அதிகம் சேதம் விளைவிப்பது இதுதான். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் புத்தகங்களைப் பொதுவாக 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். அதாவது, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து ஆறு ஆண்டுகள். எடுத்துப்போன ஃபைல் திரும்பவில்லை என்றால், நாளைக்கு அதைக் காட்டவில்லை என்ற குற்றம் கடைக்காரர் தலையில்தான் விழும்.

சோதனையில் ஆவணத்தைக் கைப்பற்ற அதிகாரிக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்கு ஐஎன்எஸ்-02 என்ற கைப்பற்றல் ஆணை தர வேண்டும். என்னென்ன எடுத்தார்கள் என்ற பட்டியல் அதில் இருக்கும். பட்டியலில் "பர்ச்சேஸ் ஃபைல் - 1" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எத்தனை தாள்கள், முதல் பில்லின் எண் என்ன, கடைசி பில்லின் எண் என்ன என்று எழுதச் சொல்ல வேண்டும். பென்டிரைவில் கணக்கை நகலெடுத்தால் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எந்தக் கோப்புகள் என்ற விவரம் மகஜரில் ஏற வேண்டும். நடந்ததைச் சாட்சிகள் முன்னிலையில் எழுதும் அறிக்கையைத்தான் மாநிலத் துறையில் மகஜர் என்கிறோம். மத்தியத் துறையில் பஞ்சநாமா என்பார்கள். அதன் நகல் ஒன்று அன்றைக்கே கடைக்காரர் கைக்கு வந்துவிட வேண்டும்.

கைப்பற்றிய ஆவணங்களிலிருந்து அதிகாரி முன்னிலையில் நகல் எடுத்துக்கொள்ளும் உரிமையை 67-ஆவது பிரிவின் 5-ஆவது உட்பிரிவு தருகிறது. நகல் தந்தால் விசாரணை கெடும் என்று அதிகாரி கருதினால் மட்டுமே மறுக்கலாம். நோட்டீஸ் அனுப்பும்போது ஆதாரமாகப் பயன்படுத்தாத ஆவணங்களை, நோட்டீஸ் கொடுத்த 30 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஐஎன்எஸ்-02 இல்லாமல் போன ஃபைலுக்கு இந்த உரிமைகளைக் கேட்டு நிற்பது கடினம், ஏனென்றால் அது "கைப்பற்றப்பட்டது" என்பதற்கே ஆதாரம் இல்லை.

கைப்பற்றும் அனுமதி இல்லாமல் வந்தவர் ஃபைலைக் கேட்டால், "அசல் இங்கேயே இருக்கட்டும் சார், நகல் எடுத்துக் கவரிங் லெட்டரோட ஆபீஸ்ல தந்துடறேன்" என்று சொல்வதுதான் முறை.

"கொண்டுவந்து குடுத்துடுங்க"

71-ஆவது பிரிவின் கீழ் கேட்ட பதிவேடுகளைக் கொடுக்கக் கேட்ட நாளிலிருந்து 15 வேலை நாட்கள் வரை அவகாசம் உண்டு. அதிகாரி விரும்பினால் நீட்டிக்கவும் செய்யலாம். ஆனால் கேட்பது எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு எங்கும் சொல்லவில்லை. வாயால் கேட்டாலும் அது கேட்டதுதான். ஆகவே "எழுதித் தந்தால்தான் தருவேன்" என்று முறுக்கிக்கொள்வது தவறு. அங்கேதான் நம் கடிதம் வேலை செய்கிறது. அதிகாரி எழுதாததை நாம் எழுதிக் கொடுத்துவிடலாம். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை:

"ஐயா, தாங்கள் இன்று (தேதி, நேரம்) எங்கள் கடைக்கு வருகை தந்தபோது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான இருப்புப் பதிவேட்டின் நகலை ஒப்படைக்குமாறு வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டீர்கள். அதன்படி 1 முதல் 48 வரை எண்ணிட்ட 48 பக்கங்களை இத்துடன் இணைத்துள்ளேன். வேறு ஆவணம் ஏதும் கேட்கப்பட்டதாக எனக்கு நினைவில்லை. தேவையிருப்பின் எழுத்து மூலம் தெரிவித்தால் உரிய காலத்தில் அளிப்பேன். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இந்தச் சில வரிகளில் ஒவ்வொன்றுக்கும் வேலை இருக்கிறது. கேட்டது வாய்மொழியாகத்தான் என்பது பதிவாகிறது. எதைக் கேட்டார், எந்தக் காலத்துக்குக் கேட்டார் என்பது பதிவாகிறது. பக்க எண் போட்டுக் கொடுத்ததால் பிறகு ஒரு தாள் குறைந்தாலும் தெரிந்துவிடும். "வேறு ஏதும் கேட்கப்படவில்லை" என்ற வரி, "இன்னும் நான்கு பதிவேடு கேட்டோம், தரவில்லை" என்று பின்னால் எழுத முடியாதபடி தடுக்கிறது. அந்த வரியை உண்மையாக இருக்கும்போது மட்டும் எழுத வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கடிதத்தை இரண்டு படிகள் எடுத்து அலுவலகத்தின் தபால் பிரிவில் கொடுத்து, நம் படியில் துறையின் சீல், தேதி, வாங்கியவரின் கையெழுத்து மூன்றையும் வாங்க வேண்டும். சீல் மட்டும் விழுந்து தேதி இல்லாத படிக்குப் பாதி மதிப்புத்தான். "சார் இல்லை, வச்சுட்டுப் போங்க" என்றால் வைத்துவிட்டு வரக் கூடாது. அன்றைக்கே அலுவலகத்தின் அரசு மின்னஞ்சலுக்கு, அதாவது முகவரி gov.in என்று முடியும் மின்னஞ்சலுக்கு, ஸ்கேன் செய்து அனுப்பிவிட வேண்டும். கூடவே ஸ்பீட் போஸ்டிலும் போட்டு, சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அதிகாரியின் சொந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்பியதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. இரண்டு நீல டிக் விழுந்தால் அந்தப் படம் ஒருவர் கண்ணில் பட்டது என்றுதான் பொருள். அலுவலகக் கோப்பில் ஏறியதா என்பதை அது சொல்லாது.

"நாளைக்கு ஆபீசுக்கு வாங்க" என்று தொலைபேசியில் அழைத்தாலும் இதே வழிதான். சட்டப்படியான சம்மன் என்பது 70-ஆவது பிரிவின் கீழ் எழுத்தில் வருவது. அதற்குப் போகாமல் இருந்தால் 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. தொலைபேசி அழைப்பு சம்மன் ஆகாது. அதற்காக அலட்சியமாக விட்டுவிடவும் வேண்டாம். "இன்ன தேதி இன்ன நேரம் தொலைபேசியில் அழைத்தீர்கள், எது தொடர்பாக என்று எழுத்து மூலம் தெரிவித்தால் உரிய ஆவணங்களோடு வருகிறேன்" என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டால் நாம் ஓடி ஒளியவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. மத்திய ஜிஎஸ்டியில் சம்மன் அனுப்பும் முன் துணை அல்லது உதவி ஆணையர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும் என்றும், இணையதளத்திலேயே கிடைக்கும் ஆவணங்களுக்காகச் சம்மன் அனுப்பக் கூடாது என்றும் 2022 ஆகஸ்டில் வாரியம் அறிவுறுத்தியிருக்கிறது.

"வரியைக் கட்டிடுங்க"

அந்த நூறு மூட்டைக் கணக்கை இப்போது எடுத்துக்கொள்வோம். கணக்குப்படி இருக்க வேண்டியது 640 மூட்டை. எண்ணியபோது இருந்தது 540. ஒரு மூட்டை 360 ரூபாய் என்றால் குறையும் சரக்கின் மதிப்பு 36,000 ரூபாய். 18 சதவீத வரி போட்டால் 6,480 ரூபாய். "இவ்வளவுதானே, கட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம்" என்று யாருக்கும் தோன்றும்.

உண்மை நிலவரம் வேறு. எழுபது மூட்டை முந்தின நாள்தான் டெலிவரி சலான் போட்டு இரண்டாவது கிடங்குக்குப் போயிருந்தது. அந்தக் கிடங்கு பதிவுச் சான்றிதழில் கூடுதல் வணிக இடமாகக் காட்டப்பட்டதுதான். மீதி முப்பது மூட்டை மழை ஈரத்தில் இறுகிக் கல்லாகிப் பின்புறம் கிடந்தது. விற்க உதவாது என்பதால் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

எழுபது மூட்டைக்கு வரியே கிடையாது, அது விற்கவில்லை. முப்பது மூட்டைக்கு விற்பனை வரி இல்லாவிட்டாலும், வீணான சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்று 17-ஆவது பிரிவு சொல்கிறது. வாங்கிய விலை 330 ரூபாய் என்றால் முப்பது மூட்டைக்கு 9,900 ரூபாய். அதற்கு எடுத்த வரவு 1,782 ரூபாய். கடைக்காரர் தர வேண்டியது இந்தத் தொகைதான். அதையும் அடுத்த ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலில் முறைப்படி திருப்பிவிடலாம்.

6,480-க்கும் 1,782-க்கும் உள்ள வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் கட்டும் காரணம் பெரிது. 6,480 கட்டினால் நூறு மூட்டையைப் பில் இல்லாமல் விற்றேன் என்று ஒப்புக்கொண்டதாகிறது. "ஒரு நாள் பார்த்தபோதே நூறு மூட்டை என்றால் ஆண்டு முழுவதும் எவ்வளவு?" என்ற கேள்வி அங்கிருந்துதான் கிளம்பும்.

ஆகவே மகஜரில் கையெழுத்துப் போடும் முன் முழுவதும் படிக்க வேண்டும். "கணக்கில் 640, நேரில் 540, குறைவு 100" என்பதோடு அது முடிந்திருந்தால், கீழே தன் கையாலேயே கடைக்காரர் எழுத வேண்டும்: எழுபது மூட்டை எந்தச் சலான் எண்ணில் எங்கே போனது, முப்பது மூட்டை எந்த நிலையில் எங்கே கிடக்கிறது. இறுகிய மூட்டைகளையும் எண்ணிப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். எழுத இடம் தரவில்லை என்றால் அன்று மாலையோ மறுநாள் காலையோ இதே விளக்கத்தைச் சலான் நகல், மூட்டைகளின் புகைப்படம் ஆகியவற்றோடு கடிதமாகக் கொடுத்து ஒப்புகை வாங்கிவிட வேண்டும். மறுநாள் சொன்ன விளக்கத்துக்கு எடை உண்டு. நோட்டீஸ் வந்த பிறகு சொன்னால், யோசித்துக் கட்டிய கதை என்பார்கள்.

சோதனையின்போதே பணம் கட்ட வைப்பது குறித்து நீதிமன்றங்களும் துறையும் தெளிவாகப் பேசியிருக்கின்றன. சோதனை நடக்கும்போது காசோலை, ரொக்கம், இணைய வழி என்று எந்த வழியிலும் வரி வசூலிக்கக் கூடாது, வணிகர் தானாகக் கட்ட விரும்பினாலும் சோதனை முடிந்து அதிகாரிகள் போன பிறகு மறுநாள் கட்டச் சொல்ல வேண்டும் என்று 2021-இல் குஜராத் உயர் நீதிமன்றம் வழிகாட்டியது. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம், சோதனையைத் தொடர்ந்து ஒரு பருப்பு ஆலை நிறுவனம் கட்டிய 2 கோடி ரூபாயைத் திருப்பித் தர உத்தரவிட்டது. வணிகர் விரும்பினால் தானாகக் கட்டலாம், ஆனால் அழுத்தம் கொடுத்து வசூலிக்கக் கூடாது என்று மத்திய வரி வாரியம் 2022 மே மாதம் அறிவுறுத்தியது. 2025 பிப்ரவரியில் ராதிகா அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றமும், வற்புறுத்தலால் கட்டியவர்கள் நீதிமன்றத்தை அணுகித் திரும்பப் பெறலாம் என்றது.

இந்தத் தீர்ப்புகளால் பயன் பெற ஒரு தேவை இருக்கிறது. வற்புறுத்தல் நடந்தது என்பதற்குத் தடயம் வேண்டும். கட்டுவது டிஆர்சி-03 என்ற படிவத்தின் வழியாக, வணிகரின் சொந்த லாகின் பாஸ்வேர்டைப் போட்டு. அதன் முகத்தில் எழுதியிருப்பது "தானாக முன்வந்து" என்பதுதான். பிறகு அதை மறுக்க வேண்டுமானால் அன்றைக்கே எழுதிய கடிதம் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். "இன்று இரவு இத்தனை மணிக்கு, அதிகாரிகள் கடையில் இருக்கும்போது, அவர்கள் சொன்னதன் பேரில் இந்தத் தொகையை எதிர்ப்புடன் செலுத்தினேன், இதை வரிப் பொறுப்பை ஒப்புக்கொண்டதாகக் கொள்ள வேண்டாம்" என்ற கடிதம் 24 மணி நேரத்துக்குள் தபால் பிரிவுக்கும் மேலதிகாரிக்கும் போயிருந்தால்தான் மேலே சொன்ன தீர்ப்புகள் கைகொடுக்கும்.

நிஜமாகவே வரி பாக்கி இருந்தால் சீக்கிரம் கட்டுவது லாபம்தான். வட்டியும் அபராதமும் குறையும். ஆடிட்டரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்து, மறுநாளோ அதற்கடுத்த நாளோ கட்டலாம். கட்டிய பிறகு துறையிலிருந்து டிஆர்சி-04 என்ற ஒப்புகை வர வேண்டும். அது வந்ததா என்று இணையதளத்தில் பார்த்து, வராவிட்டால் அதையும் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும்.

எது வரை கேட்கலாம்

எழுத்தில் கேட்கும் உரிமையைத் தடுப்புச் சுவராக்கக் கூடாது. முறையான அனுமதியோடு வந்தவரை உள்ளே விடாமல் நிறுத்தினாலோ, பீரோவைத் திறக்க மறுத்தாலோ, பூட்டை உடைத்துத் திறக்கவும் சீல் வைக்கவும் சோதனை அதிகாரிக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. கடமையைத் தடுத்ததற்காகத் தனியே அபராதமும் வரும். அனுமதி சரியில்லை என்று தோன்றினாலும் வாக்குவாதம் வேண்டாம். அந்த ஆட்சேபத்தை மகஜரிலோ மறுநாள் கடிதத்திலோ எழுதி வைப்பதே போதும். கடையில் வைத்து வாதாடி வென்ற வழக்கு எதுவும் கிடையாது. கோப்பில் இருக்கும் தாள்தான் மேல்முறையீட்டில் பேசும்.

நேர்மையான அதிகாரிக்கும் இது பாதுகாப்புத்தான். நாளைக்கு அவர் மேல் புகார் வந்தால், எதைக் கேட்டார், எதை வாங்கினார், எப்போது கிளம்பினார் என்பதற்கு அதே தாள்கள்தான் அவருக்கும் சாட்சி சொல்லும்.

கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். யார் வந்தார், பதவி என்ன, எத்தனை மணிக்கு, என்ன கேட்டார், என்ன கொடுத்தோம் என்று அவர் கிளம்பியதும் எழுதிவிடுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் கடையில் இருக்கும் பிள்ளைக்கோ கணக்குப்பிள்ளைக்கோ, படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்றும், எதைக் கொடுத்தாலும் பட்டியல் போட்டு ஒப்புகை வாங்க வேண்டும் என்றும் இன்றைக்கே சொல்லி வையுங்கள். அதிகாரி வந்து நிற்கும் நேரத்தில் அதைச் சொல்லிக்கொடுக்க அவகாசம் இருக்காது.